விடுப்புக் காரணம் 30 எழுத்தில்: நான்கு வழிகளும் ஒரு காதுகுத்தும்

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். விடுப்பு விண்ணப்பங்கள் எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் போகும். முன்பெல்லாம் டைம் ஆபீஸில் ஒரு முழுத்தாளில் லீவு லெட்டர் எழுதிக் கொடுப்பார்கள். யாருக்கு என்ன விசேஷம், எந்தக் கோவில், எப்போது திரும்புவேன் என்று எல்லாமே அதில் இருக்கும். இப்போது இணையத் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். விடுப்பு வகையைத் தேர்ந்தெடுத்து, தேதியைக் குறித்த பிறகு, காரணம் எழுத ஒரு சின்னப் பெட்டி வரும். அது 30 எழுத்தைத்தான் ஏற்கும். அந்த 30 எழுத்தில் என்ன எழுதுவது, எந்த மொழியில் எழுதுவது என்பதைத்தான் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன். வேறு நிறுவனங்களில் 20 இருக்கலாம், 50 இருக்கலாம், சிக்கல் ஒன்றுதான்.

இதை யோசிக்க வைத்தது ஒரு காதுகுத்து. எங்கள் மெர்ச்சண்டைசர் ஒருவருக்குக் காங்கேயம் பக்கத்தில் குலதெய்வக் கோவில். அவருடைய அக்கா மகனுக்கு அங்கே ஒரு வெள்ளிக்கிழமை காலை காதுகுத்து வைத்திருந்தார்கள். நம் பக்கத்தில் தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். தோடும் துணியும் சீர்த்தட்டும் அவர்தான் கொண்டுபோக வேண்டும். தாய்மாமன் வரவில்லை என்றால் அந்த நிகழ்ச்சியே நிற்கும். அவர் பெட்டியில் எழுதியது `Family function`. அனுமதி தரவேண்டிய மேலாளர் பெங்களூரு அலுவலகத்தில் இருப்பவர், தமிழ் தெரியாது. சனிக்கிழமை ஒரு ஷிப்மென்ட் கிளம்ப இருந்தது. விண்ணப்பத்தை நிராகரித்து, அடுத்த வாரத்துக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லி ஒரு வரி எழுதிவிட்டார். "அக்கா, தாய்மாமன் இல்லாமல் எப்படிங்க காது குத்துவார்கள்?" என்று இவர் என் மேசைக்கு வந்து நின்றார். முகம் வாடிப் போயிருந்தது.

மேலாளரைக் குறை சொல்ல முடியாது. அவர் கையில் இருந்தது 15 எழுத்து மட்டும்தான். அந்தச் சொற்கள் ஒரு கல்யாண வரவேற்பில் தலைகாட்டிவிட்டு வருவதற்கும் பொருந்தும், ஒரு குழந்தையை மடியில் ஏந்துவதற்கும் பொருந்தும். அனுமதி தருகிறவர் மனத்தில் இரண்டு கேள்விகள்தான் இருக்கின்றன. இந்த நாளை மாற்ற முடியுமா? இவருக்குப் பதில் வேறொருவர் போக முடியுமா? விசேஷத்தின் பெயர் தெரியாவிட்டாலும் இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் அவரால் முடிவெடுக்க முடியும். `Family function` இரண்டுக்குமே பதில் சொல்லவில்லை. பாதிப் பெட்டியையும் காலியாக விட்டுவிட்டது.

அன்று மாலை அதே செய்தியை நான்கு விதமாக எழுதிப் பார்த்தோம்: பொதுச்சொல், ஆங்கிலம், ஆங்கில எழுத்தில் தமிழ், தமிழ் எழுத்தில் தமிழ். நான் விரும்புவது கடைசி வழி. ஆனால் அதில்தான் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் இருக்கிறது, அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம் பக்கத்து ஆள் ஒருவர் அனுமதி தருகிறார் என்றால் தமிழைப் போலச் சுருக்கமான மொழி கிடையாது. "என் மடியில் காதுகுத்து" என்று மூன்று சொல் எழுதினால் போதும். இவர் தாய்மாமன், இவர் இல்லாமல் நடக்காது, முகூர்த்தம் குறித்தாகிவிட்டது, சீர் கொண்டுபோகிறார் என்று எல்லாம் அதிலேயே புரிந்துவிடும். எங்கள் உற்பத்தி மேலாளர் பெருந்துறைக்காரர். இந்த மூன்று சொல்லை என் கைப்பேசியில் காட்டினேன். "இதற்கு எதுக்குங்க யோசனை, போய் வரட்டும்" என்று உடனே சொன்னார்.

பள்ளம் எங்கே என்றால், நாம் எண்ணும் எழுத்தும் கணினி எண்ணும் எழுத்தும் வேறு வேறு. "காதுகுத்து" என்பதில் நமக்கு ஐந்து எழுத்து: கா, து, கு, த், து. கணினிக்கு அது பத்து. யூனிகோடு முறையில் அகர எழுத்துக்கு ஒரு குறி, அதன்மேல் ஏறும் காலுக்கோ கொம்புக்கோ புள்ளிக்கோ இன்னொரு குறி. நீங்களே சோதித்துக்கொள்ளலாம். கணினியில் "கு" என்று தட்டச்சு செய்து, பின்னழிப்பு விசையை ஒரு முறை அழுத்துங்கள். பெரும்பாலும் எழுத்து முழுவதும் போகாது. உகரக் குறி மட்டும் அழிந்து "க" நிற்கும். அந்த ஒரு எழுத்துக்கு இரண்டு இடம் என்பதற்கு அதுவே சாட்சி. எண்ணும் வழி எளிது. உயிரெழுத்துக்கும், ம, ண, த போன்ற வெறும் அகர எழுத்துக்கும் ஒன்று. புள்ளியோ, கொம்போ, காலோ ஏறிய எழுத்துக்கு இரண்டு. இடைவெளிக்கும் காற்புள்ளிக்கும் ஒவ்வொன்று.

அந்தக் கணக்கில் "காதுகுத்து, நான் தாய்மாமன்" என்று எழுதிப் பார்த்தோம். காதுகுத்து பத்து, காற்புள்ளியும் இடைவெளியும் இரண்டு, நான் என்பது நான்கு, மறுபடி ஓர் இடைவெளி, தாய்மாமன் ஒன்பது. மொத்தம் 26. பெட்டியின் மூலையில் இருந்த எண்ணியும் 26/30 என்றே காட்டியது. நிம்மதியாகச் சேமித்தேன். வெளியேறி மறுபடி உள்ளே வந்து பார்த்தால் "காதுகுத்து" மட்டும் இருந்தது. தாய்மாமனைக் காணவில்லை.

காரணம் தேட அரை நாள் ஆனது. பெட்டி எண்ணுவது ஒன்று, உள்ளே தரவுத்தளம் எண்ணுவது வேறொன்று. எங்கள் தரவுத்தளத்தில் அந்த இடம் 30 பைட் என்று அமைக்கப்பட்டிருந்தது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். இன்று பரவலாக இருக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வேண்டும். காதுகுத்து என்பதன் பத்துக் குறிக்கு மிகச் சரியாக 30 பைட் போய்விட்டது. மீதியை மென்பொருள் ஒரு சொல்லும் சொல்லாமல் வெட்டிவிட்டது. நாங்கள் எழுதிய முழு வரிக்கு 72 பைட் தேவை. அதாவது இப்படிப்பட்ட பெட்டியில் தமிழுக்குக் கிடைப்பது பத்தே குறி, ஒரு சொல்தான்.

இது ஒருவகைக் கெடுதல். இன்னொரு வகையும் உண்டு. சில தளங்களின் தரவுத்தளம் தமிழையே ஏற்காத முறையில் அமைந்திருக்கும். அங்கே சேமித்த காரணம் திரும்ப வரும்போது வெறும் கேள்விக்குறிகளாக வரும். காதுகுத்து என்றால் பத்துக் கேள்விக்குறி. அவற்றை எண்ணிப் பார்த்தால் நீங்கள் எத்தனை குறி தட்டச்சு செய்தீர்களோ அத்தனை இருக்கும். அதை மீட்க முடியாது, உள்ளே பதிவானதே கேள்விக்குறிதான். மூன்றாவது வகை அவ்வளவு மோசம் இல்லை. தளத்தில் தமிழ் ஒழுங்காகத் தெரியும், ஆனால் மாதக் கடைசியில் சம்பளப் பிரிவுக்கு இறக்கித் தரும் கோப்பை எக்செல்லில் திறந்தால் "கா" இருக்க வேண்டிய இடத்தில் `à®•à®¾` என்று நிற்கும். தகவல் கெடவில்லை, திறந்த முறைதான் தவறு. கோப்பைத் திறக்கும்போது யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்தால் தமிழ் திரும்பிவிடும். கேள்விக்குறியைப் பார்த்தால் எழுத்து போய்விட்டது என்றும், இந்த விநோத எழுத்துகளைப் பார்த்தால் எழுத்து பத்திரமாக இருக்கிறது என்றும் வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே தமிழில் எழுத விரும்புகிறவர் செய்ய வேண்டிய சோதனை இது. அவசரம் இல்லாத ஒரு நாளில், சில வாரம் தள்ளி ஒரு தேதிக்கு விண்ணப்பம் தொடங்கி, காரணத்தில் உங்கள் வரியை எழுதி, வரைவாகச் சேமியுங்கள். வெளியேறிவிட்டு மறுபடி உள்ளே வந்து, வரி முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். எழுதிய திரையிலேயே பார்த்துப் பயனில்லை, ஏனென்றால் வெட்டு சேமித்த பிறகுதான் விழுகிறது. பிறகு டைம் ஆபீஸில் அந்த வரி எப்படித் தெரிகிறது என்று கேட்டுவிட்டு, வரைவை நீக்கிவிடுங்கள். இரண்டு இடத்திலும் தேறினால் தயங்காமல் தமிழில் எழுதலாம்.

அடுத்தது ஆங்கில எழுத்தில் தமிழ். `Kaathukuthu, naan thaimaman` என்றால் 27 எழுத்து; பைட் கணக்கிலும் அதே 27. எந்தத் தளத்திலும் உடையாது. எங்கள் ஆட்களில் பலர் இப்படித்தான் எழுதுகிறார்கள். தமிழ் தெரிந்த மேலாளர், தமிழ் எழுத்தைக் கெடுக்கும் தளம் என்ற இரண்டும் சேர்ந்தால் இதுவே சரியான வழி. ஆனால் எனக்கு இதில் இரண்டு குறை. தமிழ் தெரியாதவருக்கு இது தட்டச்சுப் பிழைபோலத் தெரியும். `seer` என்று எழுதினால் நமக்குச் சீர், ஆங்கிலம் மட்டும் அறிந்தவருக்கு அது ஞானதிருஷ்டி உள்ளவர். இன்னொன்று, ஒரே சொல்லை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுவார்கள். ஆண்டுக் கடைசியில் பழைய விண்ணப்பம் ஒன்றைத் தேடும்போது ஒரே காதுகுத்தை `kadhu`, `kathu`, `kaadhu` என்று பல விதமாகத் தேட வேண்டியிருக்கிறது.

ஆங்கிலத்தைப் பொறுத்தவரை, உறவுமுறைதான் சிக்கல். `Uncle` என்ற ஒரு சொல்லுக்குள் தாய்மாமனும் சித்தப்பாவும் பெரியப்பாவும் அத்தை வீட்டுக்காரரும் அடங்கிவிடுகிறார்கள். நமக்கோ இவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கடமை. அதனால் உறவை மொழிபெயர்க்க முயல்வதைவிட, அந்த உறவு உங்களிடம் கேட்கும் வேலையைச் சொல்வது நல்லது. நாங்கள் முதலில் எழுதிப் பார்த்தது `Sister's son ear piercing`. 25 எழுத்து, பெட்டிக்குள் அடங்குகிறது. ஆனால் எங்கள் தளம் அந்தத் தனி மேற்கோள் குறியை ஏற்காமல் சிவப்பு எழுத்தில் எச்சரித்தது. பல தளங்கள் பாதுகாப்புக்காக இத்தகைய குறிகளைத் தடுத்து வைத்திருக்கின்றன. குறியை எடுத்துவிட்டாலும் குறை தீரவில்லை. காது குத்துவதற்கு ஒரு நாள் எதற்கு, மாமா எதற்கு என்று பெங்களூரில் இருப்பவர் கேட்பார். நகைக்கடையில் ஐந்து நிமிடத்தில் குத்திக்கொண்டு வரும் வேலைதானே அது அவருக்கு!

கடைசியில் எழுதியது `Nephew rite, I must conduct`. 27 எழுத்து. இதில் காது இல்லை, கோவில் இல்லை, காங்கேயம் இல்லை. ஆனால் இது ஒரு சடங்கு என்பதும், இவரே நின்று செய்ய வேண்டும் என்பதும் இருக்கின்றன. சடங்கு என்றாலே நாள் குறித்தது என்று யாருக்கும் புரியும். ஆக இரண்டு கேள்விக்கும் பதில் வந்துவிட்டது.

தமிழிலோ ஆங்கிலத்திலோ, இடத்தை வீணாக்குவது எது என்று பார்த்தால், பெட்டிக்கு வெளியே ஏற்கெனவே சொல்லிவிட்டதைத் திரும்பச் சொல்வதுதான். `Need leave for` என்று தொடங்கினால் பதினான்கு எழுத்து போய்விடும். விடுப்பு என்பது வகையிலும், தேதி தேதிக் கட்டத்திலும் இருக்கின்றன. தாளில் எழுதிய காலத்துப் பணிவுச் சொற்களை இந்தப் பெட்டியில் விட்டுவிடலாம்; யாரும் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஊர் நோம்பிக்கும் இதே கணக்குதான். `Temple festival` என்று எழுதினால் மேலாளருக்கு ஒன்றும் விளங்காது, ஏனென்றால் மாரியம்மன் நோம்பி பூச்சாட்டில் தொடங்கி நாள் கணக்கில் நடக்கும். உங்களுக்கு எந்த நாள் முக்கியம், ஏன் என்பதுதான் அங்கே தேவை. "பூவோடு எடுக்கிறேன்" என்றால் கணினிக் கணக்கில் 18. காப்புக் கட்டி விரதம் இருப்பவர் தீச்சட்டி ஏந்தும் நாளில் வேலைக்கு வர முடியாது என்று நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

இறப்பு என்றால் யோசிக்க நேரம் இருக்காது. முதலில் தொலைபேசியில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். விண்ணப்பத்தைத் திரும்பி வந்தும் போடலாம், அல்லது உடன் வேலை செய்பவரைப் போடச் சொல்லலாம். அதில் `Uncle expired` என்று எழுதுவதைவிட `Mothers brother died today` என்பது மேல். 26 எழுத்துதான், உறவும் நாளும் தெளிவு. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். துக்க விடுப்பு என்று தனியாகத் தரும் நிறுவனங்கள் பலவற்றில் அது பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தோர் என்ற வட்டத்தோடு நின்றுவிடுகிறது. தாய்மாமன் அதற்குள் வரமாட்டார். அவர் எழவுக்குப் போகும் நாள் உங்கள் தற்செயல் விடுப்பில்தான் கழியும். எந்தச் சொல்லை எழுதினாலும் அது மாறாது என்பது எனக்கு வருத்தமே. நம் ஊரில் பிறந்த வீட்டுக் கோடி போடும் உறவு அது.

விடுப்பு வகைக்கும் காரணத்துக்கும் உள்ள உறவையும் இங்கே சொல்ல வேண்டும். கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் பொருந்தும் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, ஆண்டுக்கு 12 நாள் வரை தற்செயல் விடுப்பும், 12 நாள் வரை நோய் விடுப்பும் சம்பளத்தோடு தரச் சொல்கிறது. தற்செயல் விடுப்புக்கு நியாயமான காரணம் எதுவாக இருந்தாலும் போதும். காதுகுத்தும் நோம்பியும் தாராளமாக அதற்குள் வரும். நோய் விடுப்புக்கு நோயோ விபத்தோ இருக்க வேண்டும். தற்செயல் விடுப்பு தீர்ந்துவிட்டது என்பதற்காக, காதுகுத்துக்குப் போய்விட்டு நோய் விடுப்பில் `Fever` என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஐந்து எழுத்தில் முடிந்துவிடும் வழிதான். ஆனால் அந்த ஐந்து எழுத்து பதிவேட்டில் உங்கள் பெயரோடு தங்கிவிடும்; பிறகு உண்மையிலேயே படுத்திருக்கும் நாளில் உங்கள் பேச்சை யாரும் நம்ப மாட்டார்கள். தற்செயல் விடுப்பு இல்லையென்றால் ஈட்டிய விடுப்பில் கேட்பதே சரி.

மீதி இருப்பது பொதுச்சொல். `Personal` என்று எழுதுவதை நான் முற்றிலும் தவறு என்று சொல்லமாட்டேன். காதுகுத்தை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கருக்கலைந்த துக்கத்தையோ, மனநல மருத்துவரைப் பார்க்கப் போவதையோ, குடும்ப நீதிமன்றத் தேதியையோ பெட்டியில் எழுத வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. அந்த வரியை மேலாளர் மட்டும் படிப்பதில்லை. நான் படிக்கிறேன், சம்பளப் பிரிவு படிக்கிறது, கணக்குச் சரிபார்க்க வருகிறவரும் படிக்கக்கூடும். இப்படிப்பட்ட நாளுக்கு `Personal, date fixed` என்று எழுதுங்கள். இருபது எழுத்து. காரணம் உங்களிடமே இருக்கும். நாளை மாற்ற முடியாது என்பது மட்டும் அவருக்குத் தெரியும். உடம்புக்கு முடியாத நாளிலும் நோயின் பெயரைச் சொல்லாமல் "உடல்நலம்" என்று எழுதினால் போதும். சான்றிதழ் கேட்டால் அதைத் தனியாகக் கொடுங்கள்.

மெர்ச்சண்டைசர் விஷயத்துக்கு வருகிறேன். நிராகரித்த விண்ணப்பத்தைத் திருத்தாமல் புதிதாக ஒன்று போடச் சொன்னேன். எங்கள் தளத்தில் திருத்தினால் பழைய காரணமே மேலே நிற்கும். `Nephew rite, I must conduct` என்று எழுதி அனுப்பினார். முக்கால் மணி நேரத்தில் அனுமதி வந்தது. மேலாளர் கூடவே கேட்டது, வெள்ளிக்கிழமை பேக்கிங் லிஸ்டை யார் பார்ப்பார்கள் என்பது மட்டும்தான். அதற்கு அருகில் இருந்தவரின் பெயரைச் சொன்னோம். மென்பொருள் தந்தவர்களுக்கும் எழுதியிருக்கிறேன்: அந்த இடத்தை 30 பைட்டிலிருந்து 300 ஆக்குங்கள் என்று. 100 குறி தமிழ் அதில் அடங்கும்.